உத்தரவு வந்த நாளிலிருந்து

கத்தரியோடு மல்லுக்கட்டி ஜெயித்த அன்று ரூல்ஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாத்திரை பேக்கிங் கம்பெனி அது. ரூல்ஸ் என்பது விடுப்பு விதிகளையெல்லாம் எழுதுகிற பெண் அதிகாரிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர். கத்தரி நிதி மேலாளர். எந்தக் காகிதம் போனாலும் பாதியாக வெட்டித்தான் திருப்பி அனுப்புவார். ரெண்டு பேருக்கும் தங்கள் பட்டப்பெயர் தெரியும். தெரியாத மாதிரியே குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சண்டை வாடகைத்தாய் விடுப்பைப் பற்றியது. பிரசவித்தவளுக்குச் சட்டமே பேறுகால விடுப்பு கொடுத்துவிடுகிறது. மூன்று மாதம் தாண்டிய பிள்ளையைத் தத்தெடுக்கிறவளுக்குச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, வாடகைத்தாய் மூலம் பிள்ளை அடைகிறவளுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. அதற்கு மேல் கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. அந்த விதியைத்தான் ரூல்ஸ் எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேருக்கு லீவா? நாளைக்கு அத்தை, சித்தி எல்லாம் கியூவுல நிப்பாங்க," என்றார் கத்தரி.

"பெத்தவளுக்கு உடம்பு தேறணும் சார். வளர்க்கிறவ பிள்ளைகூட இருக்கணும். பிள்ளையை இன்னொருத்தி கையில கொடுத்துட்டா, பெத்தவளுக்குத் தையல் தானா ஆறிடுமா?"

தையல் என்றதும் மனுஷன் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆண்கள் நிறைந்த அறை வேறு. பெற்றவளின் பேறுகால விடுப்பில் கை வைக்கக் கூடாது, வளர்ப்பவளுக்குத் தனியாக விடுப்பு என்று இரண்டு வரியும் அப்படியே நின்றன. கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை.

இந்த ஆர்ப்பாட்டத்தில் தத்தெடுப்பு வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ரூல்ஸ் மெனக்கெட்டு எழுதிய வரி அது. பிரசவத்துக்கும் வாடகைத்தாய்க்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தத்துக்கு அதே அளவு உறுதியான காகிதம் எது என்று தேடி, 'தத்து உத்தரவு வழங்கப்பட்ட நாளிலிருந்து பேறுகால விடுப்புக்கு நிகரான விடுப்பு' என்று எழுதினாள். வாடகைத்தாய் விஷயத்துக்கு வக்கீலைக் கேட்டார்கள், டாக்டரைக் கேட்டார்கள். தத்துக் கொடுக்கிற இல்லத்துக்கு ஒரு போன் போட்டு, பிள்ளை வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படித்தவர்கள் கூடி உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகித் தொலைக்கிறது.

அந்த வரியை நம்பி முதலில் வந்தவள் பம்பரம். பேக்கிங் மெஷின் ஓட்டுகிறவள். நாற்பது தாண்டியும் ஒரு இடத்தில் நிற்காத ஆள். புருஷன் லாரி ஓட்டுபவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. வருஷக்கணக்காகக் காத்திருந்து, இரண்டரை வயதுப் பையன் ஒருவனை இல்லத்தில் கொடுத்திருந்தார்கள்.

"வந்துட்டான் மேடம்," என்றாள். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவளுக்கு. "பேச்சே இல்ல. என் காது மடலைப் பிடிச்சுக்கிட்டாதான் தூங்கறான். நான் திரும்பிப் படுத்தா அழறான். ராத்திரி முழுக்க ஒருக்களிச்சே கிடந்து எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு. நல்லா பிடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"உத்தரவு கொண்டு வந்தீங்களா அக்கா?"

"அது பின்னாடிதான் வருமாம். இப்போதைக்கு வளர்ப்புக்குன்னு ஒப்படைச்சிருக்காங்க. அப்பப்போ வந்து பார்ப்பாங்க. பிள்ளை நம்மகிட்ட ஒட்டிக்கிச்சுன்னு அவங்க எழுதிக் கொடுத்தப்புறம்தான் உத்தரவு."

ரூல்ஸ் விதிக் கோப்பைத் திறந்தாள். தான் எழுதிய வரியைத் திரும்ப எடுத்துப் படித்தாள். உத்தரவு வந்தால் விடுப்பு. பிள்ளை ஒட்டினால் உத்தரவு. கூட இருந்தால்தானே பிள்ளை ஒட்டும்? கூட இருக்கத்தானே விடுப்பு? பாவி, இதை யோசிக்காமல் போனோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நேரே கத்தரியிடம் ஓடினாள். அவர் சத்தம் போடவில்லை.

"நீங்க எழுதின வரிதானே மேடம்? நான் வெட்டவே இல்லையே. உத்தரவு இல்லாம கொடுத்தா ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. விதியை மாத்தணும்னா இயக்குநர் கூட்டத்துக்கு எழுதுங்க. அடுத்த கூட்டத்துல வெச்சுடலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளை?"

"என்கிட்ட கேட்டா?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

விதியை மீறித் தானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று ரூல்ஸ் யோசித்தாள். போட்டால் வேலை போகலாம். அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, படிக்கிற பெண் இருக்கிறாள். பேனாவை மூடி வைத்தாள்.

பம்பரம் கையில் இருந்த லீவையெல்லாம் போட்டுத் தீர்த்தாள். சம்பளமில்லா விடுப்பும் கரைந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால், வீட்டில் நிலையான வருமானம் இருக்கிறது என்று காட்டித்தான் பிள்ளையே கிடைத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டம்மாவிடம் பையனை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். மெஷின் ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு இடைவேளைக்கும் லாக்கருக்கு ஓடி ஓடிப் போனைப் பார்ப்பாள்.

அந்தம்மா கெட்டவள் இல்லை. பையன்தான் வாசலைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்துவிட்டான். ஏற்கெனவே ஒரு தடவை விட்டுவிட்டுப் போன உலகம், மறுபடியும் விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் அந்தப் பிஞ்சு மனசுக்குப் பட்டிருக்கும். சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பம்பரம் ஓடி வந்து தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதைப் பிடிக்கிறதையும் விட்டுவிட்டான். அவளே அவன் கையை எடுத்துத் தன் காதில் வைப்பாள். கை வழுக்கி விழும்.

இல்லத்திலிருந்து வந்த சமூகப்பணியாளர் ஒரு தடவை எச்சரித்தார். "லீவு போட்டுக் கூட இருங்கம்மா. இப்படியே போனா பிள்ளைக்கு நல்லதில்ல." ரூல்ஸே அவருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள், விதி மாறப்போகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று. "நான் பொறுப்பேன் மேடம். பிள்ளை மெலிஞ்சுக்கிட்டே போறானே," என்றார் அவர். அடுத்த முறை வந்தபோதும் பையன் பக்கத்து வீட்டு மூலையில்தான் இருந்தான். ஒட்டவில்லை என்று எழுதினார்கள். கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அவன் அழவில்லையாம். அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் என்றாள் பம்பரம்.

இயக்குநர் கூட்டம் அதற்கப்புறம்தான் கூடியது. 'குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து' என்று ரூல்ஸ் மாற்றி எழுதியதை யாரும் எதிர்க்கவில்லை. கத்தரிகூடத் தலையாட்டினார். கூடவே ஒரு பாராட்டும் கிடைத்தது. வாங்கிக்கொண்டு என்ன செய்வது?

புது விதியை எடுத்துக்கொண்டு அவள் பேக்கிங் ஹாலுக்கு வெளியே உடை மாற்றுகிற அறைக்குப் போனாள். பம்பரம் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். இனிமே வர்றவங்களுக்கு ஆகும்."

"நீங்களும் திரும்ப விண்ணப்பிக்கலாம் அக்கா. நானே இல்லத்துக்கு வந்து பேசறேன். என்னாலதான் இப்படி…"

"நீங்க வேணும்னா எழுதினீங்க? விடுங்க." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தலைமுடி தெரியாதபடி தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டாள். இடது காது மட்டும் வெளியே இருந்தது. அதை உள்ளே தள்ளப் போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னொரு பிள்ளை தருவாங்க, தரட்டும். எனக்கு ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? ராத்திரியில அவனுக்கு இப்போ யார் காதைக் கொடுக்கறாங்கன்னு."

அதையெல்லாம் வெளியாளுக்குச் சொல்ல மாட்டார்கள் என்று ரூல்ஸுக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பம்பரம் காதைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டு மெஷினுக்குப் போனாள்.