பதினான்கு மாதங்களும் ஒரு பாலமும்

வழக்கறிஞர் தகுதித் தேர்வின் விடைக்குறிப்பு வெளியான அன்று மாலை, அவள் சாப்பாட்டு மேசையில் வினாத்தாளை விரித்து, தான் குறித்த நூறு விடைகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பது சரி. தேற ஐம்பது வேண்டும். இது ஐந்தாவது முறை. ஆறாவது முறைக்கு விதியில் இடமில்லை. பகலெல்லாம் ஒரு நோட்டரி அலுவலகத்தில் அடுத்தவர்களின் வாடகைப் பத்திரங்களைத் தட்டச்சு செய்பவள், இனி ஆயுள் முழுக்க அதையே தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவள் கண் நாற்பத்தேழாம் கேள்வியிலேயே நின்றது.

‘நதியின் மேல் அரசு கட்டிவரும் பாலம் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டால், தன் கிடங்கை ‘ஆ’வுக்கு வாடகைக்கு விடுவதாக ‘அ’ ஒப்பந்தம் செய்கிறார். பதினான்கு மாதங்கள் கழிந்தன. பாலவேலை இன்னும் நடந்துவருகிறது. ஒப்பந்தத்தின் நிலை என்ன?’

ஒன்று, ‘ஆ’ உடனே கிடங்கைக் கேட்கலாம். இரண்டு, ஒப்பந்தம் செல்லாததாகிவிட்டது. மூன்று, ‘ஆ’ இழப்பீடு கேட்கலாம். நான்கு, இப்போது கேட்க முடியாது. பாலம் திறந்தால் கேட்கலாம்.

அவள் நான்கைக் குறித்திருந்தாள். விடைக்குறிப்பு இரண்டு என்றது.

“அண்ணி, ஒரு மார்க்கை இவ்வளவு நேரமா முறைச்சா அது பயந்து வந்துடுமா?” என்றாள் நாத்தனார். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

“இது எப்படி இரண்டாகும்னு புரியல. நடக்குமா நடக்காதான்னு தெரியாத ஒண்ணை நம்பி ஒப்பந்தம் போட்டா, அது நடக்கிற வரைக்கும் யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நடந்துட்டா கேட்கலாம். இனிமே நடக்கவே நடக்காதுன்னு ஆயிட்டாத்தான் செல்லாது. பாலத்தைத்தான் கட்டிட்டிருக்காங்களே!”

“எங்கே, படி பார்ப்போம்.”

படித்தாள். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். “அதென்ன பதினாலு மாசம்? நானா இருந்தா ரொம்ப நாளாச்சுன்னு எழுதியிருப்பேன். இல்லேன்னா ரெண்டு வருஷம்னு முழுசா போட்டிருப்பேன். பதினாலுன்னு யாராவது கணக்கு வச்சிட்டுப் பாலத்தைப் பார்ப்பாங்களா?”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். பதினான்கு. ஒரு வீட்டுச் சுவரில் எதையும் தாங்காத ஆணி ஒன்று அடித்திருப்பதுபோல அந்த எண் நின்றது. அங்கே ஏதோ தொங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு! ‘ஓராண்டுக்குள் திறக்கப்பட்டால்’ என்று இருந்திருந்தால் எல்லாம் பொருந்தும். கெடுவுக்குள் நிகழ்வு நடக்கவில்லை என்றால், கெடு முடிந்ததும் ஒப்பந்தம் செல்லாது. பாலம் பிறகு திறந்தாலும் பயனில்லை.

யாரோ அந்த ஒரு சொல்லை எடுத்திருக்கிறார்கள். யார், ஏன்? நாத்தனார் கூப்பிட்டும் அன்று அவள் சாப்பிட எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது. அந்தப் பாலத்தின் பாதித் தூணில் யாரோ உட்கார்ந்து ‘ஆ’வைப் பார்த்துக் கையசைப்பதுபோல அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆட்சேபம் எழுதி அனுப்பினாள். இரண்டு வாரத்தில் நேரில் வரச் சொன்னார்கள்.

தேர்வு அலுவலகத்தின் மூன்றாம் மாடி. நீண்ட மேசைக்குப் பின்னால் இரண்டு பேர்: தலைவராக ஓர் அம்மாள், பக்கத்தில் வினாத்தாளைச் சரிபார்த்த பேராசிரியர். மேசைமேல் அரக்கு முத்திரை உடைபடாத ஓர் உறை.

“கேள்வி தெளிவா இருக்கு,” என்றார் பேராசிரியர். “பதினாலு மாசம் ஆச்சு. பாலம் வரல. செல்லாது. இதுல உங்களுக்கு என்னம்மா குழப்பம்?”

“குழப்பம் இல்லீங்க சார். கெடு எங்கேன்னுதான் தேடுறேன். கேள்வி எழுதினவங்க ‘ஓராண்டுக்குள்’னு போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். அது அச்சுல இல்ல.”

தலைவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு உறையைப் பிரித்து, கேள்வி எழுதியவரின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். படித்துவிட்டு அதைப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினார்.

‘ஓராண்டுக்குள் திறக்கப்பட்டால்’ என்றே அதில் இருந்தது.

பேராசிரியரின் காது சிவந்தது. “ஒரு கேள்விக்கு நாலு வரிதாம்மா. அஞ்சாவது வரி வந்தா விடைகள் அடுத்த பக்கத்துக்கு ஓடிடும். நான்தான் ஒரு சொல்லைக் குறைச்சேன். பதினாலு மாசம்னு கீழே இருக்கேன்னு…” நிறுத்திக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா பாருங்க, இவங்களே கண்டுபிடிச்சிட்டாங்களே! ஓராண்டுன்னு தெரியுதுன்னா, விடை இரண்டுன்னும் தெரியணுமில்ல?”

கண்டுபிடித்ததைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடிந்திருக்காது.

“விடைக்குறிப்பு வந்த பிறகுதான் சார் தெரிஞ்சது. தேர்வு அறையில என் கையில இருந்தது அச்சுத்தாள் மட்டும்தான். ‘அ’ மனசுல ஒரு வருஷம்னு நினைச்சுட்டு, பத்திரத்துல எழுதாம விட்டுட்டு, ‘ஆ’வைப் பார்த்து உன் ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு சொன்னா நாம ஒத்துக்குவோமா? பத்திரத்துல அப்படி விட்டுட்டா எங்க நோட்டரி என்னைச் சும்மா விடமாட்டார்.”

தலைவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். “கெடு சொல்லாட்டியும் நியாயமான காலம்னு ஒண்ணு பார்ப்பாங்களேம்மா?”

“பார்க்கலாம்மா. ஆனா வேலை நடந்துட்டிருக்குன்னு கேள்வியே சொல்லுது. ஒரு பாலத்துக்குப் பதினாலு மாசம் அநியாயமான காலமா? நின்னுபோச்சுன்னோ இடிஞ்சுதுன்னோ சொல்லலையே.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் நகரும் ஓசை கேட்டது. பேராசிரியர் தணிந்த குரலில் தலைவரிடம், “கேள்வியையே நீக்கிடலாமே. தொண்ணூத்தொன்பதுக்குக் கணக்குப் போட்டா யாருக்கும் பாரபட்சம் இல்ல,” என்றார்.

அவள் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. தொண்ணூற்றொன்பதில் நாற்பத்தொன்பது. பாதிக்கு அரை மதிப்பெண் குறைவு. நியாயம் கிடைத்தும் தோற்கலாம் என்பது அவளுக்கு வேடிக்கையாகவும் பயமாகவும் இருந்தது.

“ஒண்ணு கேட்கலாமாம்மா?” என்றாள். “சரியான விடையே இல்லாத கேள்வியைத்தானே நீக்குவாங்க? இதுக்குச் சரியான விடை இருக்கு. எழுதினவங்க நினைச்ச கேள்விக்கு இரண்டு. அச்சான கேள்விக்கு நான்கு. அச்சான கேள்விக்குத்தான் எல்லாரும் விடை குறிச்சோம்.”

தலைவர் வினாத்தாளை எடுத்து, நாற்பத்தேழை உதடு அசையப் படித்தார். இரண்டு முறை. பிறகு பேராசிரியரைப் பார்த்தார். அவர் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். கடைசியில், “கிடங்கு இன்னும் காலியாத்தான் இருக்கு,” என்றார். “பாலம் திறந்தா அவன் கேட்கலாம். சரிதான். நாலுதான்.”

தலைவர் விடைக்குறிப்பில் இரண்டை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். பேராசிரியரும் கீழே இட்டார். “உங்களுக்கு ஐம்பது,” என்றார் தலைவர்.

நன்றி சொல்லி எழுந்தவள், கதவருகில் நின்று திரும்பினாள்.

“இரண்டு போட்டு சரியா ஐம்பது வாங்கினவங்க, இப்போ நாற்பத்தொன்பது ஆகிறவங்க, யாராவது இருக்காங்களாம்மா?”

பேராசிரியர் பட்டியலைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்து, “மூணு பேர்,” என்றார். “அவங்களுக்குக் கடிதம் நான் எழுதுறேன். என் பிழைன்னும் எழுதுறேன்.”

அவள் படியிறங்கினாள். தெருவில் நின்று நாத்தனாருக்குப் போன் செய்தாள். “தேறிட்டேன்,” என்றாள். மறுமுனையில் மருந்துக்கடையே அதிரும்படி ஒரு கூச்சல். அது அடங்கும்வரை போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, அந்த மூன்று பேருக்கும் இது எத்தனையாவது முறையாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.