மாதிரிக்கு ஒரு புகார்

"'தங்கள் மேலான நிறுவனத்தில் எனது பயணத்தைத் தொடங்க'ன்னு போடு," என்றார் மாமா, சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி.

"பயணமா? நான் என்ன பஸ்ஸா ஏறப்போறேன்?"

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"அதனாலதான் எனக்கு வேண்டாங்கறேன்."

மாமா என்றால் அவளுடைய அக்காவின் கணவர். வாழ்க்கையில் ஒரே ஒரு விண்ணப்பம் எழுதியவர். அதுவும் சொந்தச் சித்தப்பாவின் கடைக்கு. அன்றிலிருந்து விண்ணப்பம் எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் நினைப்பு. 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்', 'அழுத்தத்தைத் தாங்குபவர்' என்று அவர் சொல்லச் சொல்ல அவள் லேப்டாப்பில் தட்டினாள். தட்டியதைப் படித்தாள். யாரோ குக்கருக்கு விளம்பரம் எழுதிய மாதிரி இருந்தது. மொத்தத்தையும் அழித்தாள்.

"அடிப்பாவி! அழிச்சிட்டியா?"

"நீங்க தூங்குங்க மாமா. அழுத்தத்தை நான் தாங்கிக்கறேன்."

அவள் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களும் லிஃப்டே வராமல் படியேறி மூச்சு வாங்கியவர்களும் மெயிலில் திட்டுவார்கள். அவற்றுக்குப் பதில் எழுதுவது அவள். பதிலுக்கு அடியில் பேர் மேனேஜருடையது. நாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு. மேனேஜருக்குச் சொந்தமாக இரண்டு வரி எழுத வராது. அனுப்பும் பட்டனை அழுத்த மட்டும் வரும். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் 'கையெழுத்து' என்று பேர்.

இப்போது வாஷிங் மெஷின் விற்கும் ஒரு பெரிய கம்பெனி, புகார்களுக்குப் பதில் எழுத ஆள் கேட்டிருந்தது. பதிலின் அடியில் எழுதியவர் பேரே இருக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிதான் அவளைப் பிடித்து உலுக்கியது. இன்று இரவு பன்னிரண்டு வரை நேரம். தலைப்பு வரியில் பணி எண்ணும் முழுப் பேரும் வேண்டும். ஒரு பக்கத் தன்விவரம், பிடிஎஃபாக. கூடவே மாதிரிக்கு, தனக்கு வந்த ஒரு புகார், அதற்குத் தான் எழுதிய பதில், இரண்டிலும் பேர்களை நீக்கி. மாதிரி இணைக்காத விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

மாதிரிக்கு அவளிடம் பஞ்சமா? ஏழாவது மாடிக்காரர் ஒருவர் வழக்குப் போடுவேன் என்று எழுதி, அவள் பதிலைப் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதிய கதையே உண்டு. அந்தக் கடிதத்தையும் பதிலையும் எடுத்து, பேர்களை அழித்து, மெயிலில் இணைத்தாள். ஏற்கெனவே இணைத்திருந்த தன்விவரக் கோப்பைத் திறந்து பார்த்தாள். ஓரத்தில் மாமா எழுதிய குறிப்புகள் அப்படியே பிடிஎஃபில் ஏறியிருந்தன: 'இங்கே கொஞ்சம் கெத்தா போடு.'

"மாமா!"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லவேளை திறந்து பாத்தேன்."

குறிப்புகளை நீக்கி மறுபடி பிடிஎஃப் எடுத்தாள். 'கடைசி_புதுசு_இதுதான்கடைசி' என்றிருந்த கோப்பின் பேரை மாற்றித் தன் பேரை வைத்தாள். பழையதைக் கழற்றிப் புதியதை இணைத்தாள். பிறகு மெயிலின் முதல் வரியை எழுதினாள், அழித்தாள், எழுதினாள். 'நான்கு ஆண்டுகளாகப் பிறர் பெயரில் பதில் எழுதி வருகிறேன்.' இது புலம்பல் போலிருக்கிறதே என்று அதையும் அழித்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

திரும்பி வந்தால் மெயில் இல்லை.

இணைப்புகளும் இல்லை. வரைவுப் பெட்டி காலி. குப்பைப் பெட்டியைத் திறந்தாள், அங்கேயும் இல்லை. வரைவை அழித்தால் அது குப்பைக்குக்கூடப் போகாது, போயே போய்விடும். விசைப்பலகையில் கை பட்டுத் தொலைந்ததோ என்று யோசிக்கும்போதே போன் அடித்தது. கையெழுத்து.

"என்னம்மா, 'பிறர் பெயரில்'னு போட்டிருந்தே, அப்புறம் எடுத்துட்டே?"

அப்போதுதான் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் லிஃப்ட் கம்பெனியின் முகவரி. இரவில் வீட்டிலிருந்தும் பதில் எழுதட்டும் என்று அலுவலகப் பெட்டியை அவளுடைய லேப்டாப்பிலேயே திறந்து வைக்கச் சொன்னவர் அவர்தான். அவள் 'புதிய மெயில்' என்று அழுத்தியது அந்தப் பெட்டியில். ஒரே பெட்டி, ஒரே கடவுச்சொல். அவர் போனிலும் அதே. இவள் இங்கே ஒரு வரி எழுதினால் அது தானாகச் சேமித்துக்கொண்டு அவர் கையில் போய் நிற்கும். எழுதியதையும் பார்த்திருக்கிறார், அழித்ததையும் பார்த்திருக்கிறார். மனுஷன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சீரியல் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறார்!

"நீங்களா சார் அழிச்சீங்க?"

"பின்னே? ஆபீஸ் மெயில்ல ஆபீஸை விட்டுப் போக மனு போடுவியா? அதுவும் என் லெட்டரையே சேத்து?"

"உங்க லெட்டரா?"

"ஏழாவது மாடிக்காரருக்கு நான் எழுதின பதில்."

"சார், அத நான் எழுதினேன்."

"கீழ யார் பேர் இருக்கு?"

"உங்க பேர்."

"அப்ப யார் எழுதினது?"

மேனேஜர் சட்டம் தெரிந்த ஆள் போல ஒரு பெருமூச்சு விட்டார். கம்பெனிக் கடிதம் எதையாவது வெளியே அனுப்பினால் திருட்டு என்று போலீஸில் எழுதிக்கொடுப்பேன் என்றார். போனை வைத்தார்.

அக்கா அறையிலிருந்து எழுந்து வந்தாள். "யாருடி இந்த நேரத்துல?"

"கையெழுத்து. நான் எழுதறத அங்க உக்காந்து படிச்சிட்டு இருந்திருக்கார்."

"ஐயையோ! வேலை போச்சா?"

"அது போனா பரவால்ல. மாதிரி போச்சு, கம்பெனிக் கடிதத்த அனுப்பினா திருட்டாம். அது இல்லாம அனுப்பினா திறந்துகூட பாக்க மாட்டாங்க."

"நீயே ஒரு புகார எழுதி, நீயே பதிலும் எழுதிடேன். யாருக்குத் தெரியும்?"

"வந்த புகார்தான் வேணும்னு போட்டிருக்காங்க. நாலு வருஷமா அவருக்காகப் பொய்க் கையெழுத்து. இனி எனக்காகவும் பொய்யா?"

"ஆமாம், நீ பெரிய அரிச்சந்திரி," என்றாள் அக்கா.

அலுவலகப் பெட்டியை மூடி, தன் சொந்தப் பெட்டியைத் திறந்தாள். அது கல்லூரிக் காலத்தில் தோழிகளோடு சேர்ந்து திறந்தது. முகவரி, 'சுட்டிப்பிசாசு' என்று தொடங்கும்.

"புதுசா ஒண்ணு தொடங்கு," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

"இந்த நேரத்துல திறந்த புது முகவரியிலேர்ந்து போனா, அவங்க குப்பையில விழுந்தாலும் விழும். பிசாசாவே போறேன்." முகவரியைத்தான் மாற்ற முடியாது, பெறுபவர் கண்ணில் முதலில் படும் பேரை மாற்றலாம். அமைப்புகளுக்குள் போய் அங்கேயும் இருந்த பிசாசை விரட்டிவிட்டுத் தன் முழுப் பேரை வைத்தாள்.

அந்த நேரத்தில் அதே பெட்டிக்குள் ஒரு மெயில் வந்து விழுந்தது. கையெழுத்து, தன் சொந்த முகவரியிலிருந்து. மனுஷன் முதல் முறையாகத் தானே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"படிடி," என்றாள் அக்கா.

அவள் வாய்விட்டுப் படித்தாள்.

'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தாங்கள் ஆபீஸ் மெயிலைத் தவறாக உபயோகித்தது எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தாங்கள் நன்றி கெட்டவர். நாலு வருஷம் சம்பளம் குடுத்தது யார்? தங்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்கப்படும். எங்கள் பணியாளர் விரைவில் தங்களைத் தொடர்புகொள்வார். தங்கள் பொறுமைக்கு நன்றி.'

மாமாவே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது என்ன, திட்டறாரா, சர்வீஸுக்கு ஆள் அனுப்பறாரா?"

"என் பழைய பதில்லேர்ந்து வெட்டி ஒட்டியிருக்கார். திட்டறது மட்டும்தான் சொந்தச் சரக்கு."

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இது கம்பெனிப் பெட்டியில் வந்ததல்ல. அவள் பேருக்கு, அவளுடைய முகவரிக்கு வந்தது. ஒரு மனிதர் கோபமாக ஒரு குறை சொல்லியிருக்கிறார். பதில் எழுத வேண்டியவள் அவள். பேரும் அவளுடையதே.

"அக்கா, புகார் வந்திருச்சு."

'பதில்' என்பதை அழுத்தினாள். இம்முறை எதையும் அழிக்கவில்லை. விரல் தானாக ஓடியது.

'வணக்கம் ஐயா. இந்த நேரத்தில் உங்களுக்குக் கோபம் வரும்படி ஆனதற்கு வருந்துகிறேன். எந்தப் பெட்டி என்று பாராமல் அலுவலக மெயிலில் என் விண்ணப்பத்தை எழுதியது என் தவறு. இனி நடக்காது. நான்கு வருடமும் சம்பளம் தவறாமல் கொடுத்தீர்கள், நன்றி. அதற்கான வேலையும் தவறாமல் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அழித்த வரைவு திரும்பக் கிடைக்காத ஒன்று. ஆகவே அதைக் கேட்கவில்லை. கம்பெனிக் கடிதம் எதையும் நான் வெளியே அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். இன்றிலிருந்து ஒரு மாதத்தில் பணியிலிருந்து விலகுகிறேன். அதுவரை வரும் புகார்களுக்குப் பதில் எழுதி வைக்கிறேன். அனுப்பும் முன் படித்துப் பாருங்கள்.'

அடியில் தன் பேரைத் தட்டினாள். அனுப்பினாள்.

"பைத்தியமாடி உனக்கு? அந்த வேலை கிடைக்கறதுக்கு முன்னாடியே இத விடறியே!"

"கிடைக்கலைன்னா வேற தேடறேன். அவருக்குப் பின்னால ஒளிஞ்சு எழுதறது இன்னைக்கோட சரி."

அவருடைய மெயிலையும் தன் பதிலையும் ஒரு கோப்பில் ஒட்டி, பேர், முகவரி, கம்பெனி எல்லாவற்றையும் அடியோடு நீக்கினாள். மேலே கறுப்புப் பட்டை மட்டும் போட்டால் பிடிஎஃபில் அடியில் இருக்கும் எழுத்தை எடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். பிடிஎஃப் எடுத்துத் திறந்து பார்த்தாள். புதிய மெயிலின் தலைப்பு வரியில் பணி எண், முழுப் பேர். உள்ளே மூன்றே வரி: 'இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தன்விவரமும், இன்று இரவு எனக்கு வந்த ஒரு புகாரும், என் பதிலும் இணைத்துள்ளேன். தொலைபேசி எண் கீழே.'

அனுப்பும் பட்டனை அழுத்தினாள். 'இணைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், இணைப்பு எதுவும் இல்லையே, அப்படியே அனுப்பவா?' என்று பெட்டி கேட்டது.

"பாத்தியா, நான் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் மாமா.

"சொல்லியிருக்கலாமே."

இரண்டையும் இணைத்தாள். முழுதாக ஏறும்வரை காத்திருந்தாள். பெறுநர் முகவரியை விளம்பரத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தாள். அனுப்பினாள். திரையின் அடியில் 'திரும்பப் பெறு' என்று ஒரு பட்டை சில விநாடிகள் நின்றது. அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "இன்னும் நேரம் இருக்குடி, யோசி!" அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டை மறைந்தது. பன்னிரண்டடிக்க இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

போன் அடித்தது.

"பதில் பாத்தேன்மா," என்றார் கையெழுத்து. குரல் தணிந்து, கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. "நல்லா எழுதியிருக்கே. படிக்கப் படிக்க எனக்கே தப்பு என் மேலதானோன்னு ஆயிடுச்சு. போகட்டும் விடு. காலையில கொஞ்சம் சீக்கிரம் வா. ஏழெட்டுப் புகார் சேந்திருக்கு."

"முழுசாப் படிச்சீங்களா சார்?"

"நன்றின்னு போட்டிருந்தியே, அது வரைக்கும் படிச்சேன். அதுக்கு மேல என்ன இருக்கப் போகுது?"

"கொஞ்சம் கீழ தள்ளிப் படிங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் அவர் முணுமுணுவென்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வாடிக்கையாளர் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது.