இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது

கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஆள் எடுக்கும் பொறுப்பு வெரோனிக்காவுடையது. வேலை விளம்பரத்தின் அடியில் வரும் அந்த அறிவிப்பை எழுதியவளும் அவள்தான். 'மாற்றுத்திறனாளிகள் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ தங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டுமென்று விண்ணப்பத்திலேயே எழுதலாம். நியாயமான ஏற்பாட்டைச் செய்து தருவோம். கேட்டதற்காக யாருக்கும் மதிப்பெண் குறையாது.' அதை எழுதி இரண்டு வருடமாகிறது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நம் ஆலைக்கு அப்படிப்பட்டவர்கள் வருவதே இல்லை போலும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. சுங்கை ஆயர் தாவாரிலிருந்து கலாவதி என்ற பெண் எழுதியிருந்தாள். லோரிகளின் எடை பார்த்துச் சீட்டுப் போடும் வேலைக்கு விண்ணப்பித்தவள். 'உங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று முறை அழைப்பு வந்திருந்தது. எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுத்தில் தொடர்புகொள்ளுங்கள், நேர்காணலுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.'

வெரோனிக்காவுக்கு முகமெல்லாம் சுட்டது. தாளை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று முதல் பக்கத்தை மட்டும் அச்செடுப்பது அவள் பழக்கம். கலாவதியின் பெயருக்கு நேரே 'போன் எடுக்கவில்லை' என்று எழுதிக் கோடு போட்டதும் அவள் கைதான். ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வந்தவளை வாசலிலேயே திருப்பியனுப்பியிருக்கிறாள். தன்மீதே வந்த கோபத்தில் பழைய விண்ணப்பங்களின் இரண்டாம் பக்கங்களையும் திறந்து பார்த்தாள். அவற்றிலும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்படியாவது எழுத வேண்டும். ஆனால் வியாழக்கிழமைதான் நேர்காணல், கலாவதிக்கு இன்னும் நேரமிருக்கிறது.

'தவறு என்னுடையது. பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டேன்' என்று பதில் எழுதிவிட்டு, நிர்வாகி இராமையாவின் அறைக்குப் போனாள்.

"காது கேக்காதா? எப்படி லா?" என்றார் அவர். "லோரி டிரைவருங்க கத்துறது காதுல விழ வேணாமா?"

"வேலைக்கு நாம கேட்டது நாலுதான் சார். எடையப் படிக்கணும், தோட்டத்துச் சீட்டோட ஒப்பிடணும், கம்ப்யூட்டர்ல போடணும், தப்பிருந்தா லோரிய விடக்கூடாது. காதுன்னு ஒரு வார்த்தை இல்ல."

"அதுக்காக? மொழிபெயர்க்க வேற ஆளு, நம்ம செலவுலயா?"

"நம்ம செலவுதான் சார். அந்த அறிவிப்புக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு."

இராமையா படிக்காமல் கையெழுத்துப் போட்டவர். இப்போது கண்ணாடியை எடுத்து மாட்டி, அவள் நீட்டிய அறிவிப்பை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார், வேண்டாவெறுப்பாக.

வியாழக்கிழமை ரவாங்கிலிருந்து மவுரீன் என்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தார். நேர்காணலில் இராமையா மவுரீனைப் பார்த்தே, "அவங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேளுங்க" என்றார். "கேள்விய அவங்கள பாத்தே கேளுங்க சார், நான் சொல்லிடுறேன்" என்றார் மவுரீன் பணிவாக. இராமையா நாற்காலியைக் கலாவதி பக்கம் திருப்பிக்கொண்டார். கலாவதியின் விரல்கள் பரபரவென்று பதில் சொல்லின. அவள் சிரித்தால் அறையில் மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு செய்முறைத் தேர்வு. வந்த நால்வருக்கும் ஒரே தேர்வு: எடைச் சாவடியில் உட்கார்ந்து பத்து லோரிகளுக்குச் சீட்டுப் போட வேண்டும். கடைசி முறை கலாவதியுடையது. பின்னால் ஆலையின் கொதிகலன் பேயாய் இரைந்துகொண்டிருந்தது. முதல் லோரி எடை மேடையில் ஏறியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிய டிரைவர் செல்லையா, வாயே திறக்கவில்லை. சீட்டை ஆட்டினார், இரண்டு விரலைக் காட்டினார், கட்டைவிரலை உயர்த்தினார். இரண்டாவது நடை, எல்லாம் சரி என்று அர்த்தம். அந்த இரைச்சலில் யார் குரல் யாருக்குக் கேட்டது? பல வருடமாக இந்த மேடையில் எல்லோரும் கையால்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெரோனிக்காவுக்கே அது அன்றுதான் கண்ணில் பட்டது.

ஆறாவது லோரியைக் கலாவதி கைகாட்டி நிறுத்தினாள். தோட்டத்துச் சீட்டில் வேறு லோரியின் எண் இருந்தது. அது தேர்வுக்காக வெரோனிக்கா வேண்டுமென்றே வைத்த சீட்டு. மற்ற மூவரில் ஒருவன்தான் அதைக் கண்டுபிடித்திருந்தான். பத்து முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்தாள். கலாவதியே முதல். சந்தோஷத்தோடு மதிப்பெண் தாளை இராமையாவிடம் நீட்டினாள்.

தாளைப் பார்த்த இராமையா சாவடிப் பக்கம் திரும்பி, "எப்போ வேலைக்கு வர முடியும்?" என்று கத்தினார். பக்கத்தில் நின்ற வெரோனிக்காவுக்கே கேட்கவில்லை. மவுரீனோ தூரத்தில் நின்றார். இராமையாவே கலாவதியைப் பார்த்துக் கையை விரித்தார், கைக்கடிகாரத்தைத் தட்டினார், நாற்காலியைச் சுட்டிக் காட்டினார்.

கலாவதி எழுந்து நின்று, ஒரு விரலை நீட்டி, அதை வளைத்து முன்னால் தள்ளினாள்.

"என்ன சொல்றாங்க?" என்று இராமையா வெரோனிக்காவின் காதருகே வந்து கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "நாளைக்கா?" என்றார்.

அடுத்த நடைக்கு மேடையில் ஏறிய செல்லையா ஹாரனை நீளமாக அடித்தார். கலாவதி சாவடியின் ஜன்னல் கண்ணாடியில் கைவைத்து, அந்த அதிர்வுக்குச் சிரித்தாள்.