படத்தில் இருந்த பை

இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அசல் பை கைக்கு வராவிட்டால் ஆதம் மீது போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவதாகப் பரீது சொல்லிவிட்டான்.

தென்காசி பஜாரில் பரீதுக்கு வெளிநாட்டுச் சாமான் கடை. அவன் தங்கை ராபியாவின் புருஷன் மசூது துபாயிலிருந்து பார்சல் அனுப்புவான். சீசன் சாரலில் சாமானை நனைக்க முடியாதென்று, விலை கூடியவற்றை ஸ்டுடியோவில் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டிவைப்பார்கள். விற்பனையாள் ஆதம் அதைக் குற்றாலத்து லாட்ஜுகளில் காட்டுவார். பிடித்ததை மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்படி வாங்கிய இத்தாலிப் பையைப் போலி என்று சொல்லி மதுரை டாக்டரம்மா திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"அசலை வழியில மாத்திட்டாரு," என்றான் பரீது.

"படத்தைப் பாத்துச் சிரிச்ச அம்மா பையைப் பாத்து முறைச்சா, நான் என்ன செய்ய முதலாளி?" என்றார் ஆதம். அவர் சிரிப்பில் உயிரில்லை.

"ஏட்டி, பி.எஸ்ஸி. படிச்சிருக்கல்லா? படமும் பையும் வேற வேறன்னு காட்டு," என்று பரீது தங்கை பக்கம் திரும்பினான்.

ராபியாவுக்கு லென்ஸை எடுக்கக் கை வரவில்லை. எடுத்தாள்.

கம்பெனியின் விலைப் புத்தகத்துப் படத்தில், ஜிப்பை இழுக்கும் பிடியில் பெயர் ஆழமாக, கூரிய ஓரத்தோடு வெட்டியிருந்தது. கையிலிருந்த பையில் எழுத்து மேலோட்டம், ஓரம் மழுங்கல். ஆல்பத்துப் படத்திலும் அதே மழுங்கல். உள்துணியில் அச்சான பெயர் வரிசை தையலுக்கு நேராக ஓட வேண்டும். பையில் அது இடப்பக்கம் சரிந்து, மூன்றாம் வரியில் ஓர் எழுத்தைத் தையல் பாதியாக வெட்டியிருந்தது. படத்திலும் மூன்றாம் வரி, அதே எழுத்து, அதே பாதி.

பிறகு உள்ளே தைத்த தோல் சீட்டு. அசலில் பையின் வரிசை எண்ணைத் தோலில் அழுத்திப் பதிப்பார்கள். ஸ்டுடியோக்காரர் ஜன்னலோரம் வைத்து எடுத்ததால் ஆல்பத்துப் படத்தில் வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்தது. தையல் நூலுக்குக்கூட நிழல் இருந்தது. எண்ணுக்கு நிழலே இல்லை. வெறும் மை.

"ரெண்டும் ஒரே பைதான்ணே. படம் எடுக்கும்போதே இது போலி."

ஆதம் மூச்சு விட்டார். பரீது விடவில்லை.

"அப்போ படம் எடுக்க முன்னாலயே மாத்தியிருக்காரு. பார்சலைப் பிரிச்சது இவருதானே? மச்சான் அசல்தான் அனுப்புவாக."

மச்சான் என்று சொல்லும்போது அவன் குரலில் இருந்த மரியாதை அவளுக்குக் கேட்டது. ஆதம் சட்டைப்பையிலிருந்த கடைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். பதினோரு வருஷமாக அவர் கையிலிருந்த சாவி.

ராபியா லென்ஸைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, யாரும் மாத்தல. அசல் வாங்கக் கட்டுப்படியாகல, தெருவுல விக்கிற போலியத்தான் அனுப்புதேன், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்னு அவுக எனக்கு எழுதியிருந்தாக."