ராஃப்டின் கிழக்குப் பாதி

ஏழாவது மாடிக்குத் தளம் போட்ட மறுவாரம் கலைப்பிரியா திண்டிவனம் சைட்டுக்கு வந்தாள். தரைத்தளத் தூண் ஒன்றில் பொருத்தியிருந்த பெட்டியைத் திறந்து கருவியை இணைத்தாள். அங்கே வந்து சேரும் ஒயர்கள் அடித்தளத்துக்குள் புதைத்த அளவிகளிலிருந்து வருகின்றன. மேலே எடை ஏற ஏற, அதில் எவ்வளவு மண்ணுக்குப் போகிறது, எவ்வளவு பைல் என்கிற கான்கிரீட் தூண்களுக்குப் போகிறது என்று அவை சொல்லும். விழுப்புரத்தில் மண் பரிசோதனை நிறுவனம் நடத்தும் அவளுக்கு மாதந்தோறும் அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு.

மரக்காணம் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த அந்தக் குடியிருப்பு மொத்தம் பதினாறு மாடி. பூமிக்கடியில் வெகு ஆழம் வரை இறுகிய களிமண். ராஃப்ட் என்கிற கனத்த கான்கிரீட் பலகையை மட்டும் அதன்மேல் போட்டாலும் கட்டடம் விழாது. ஆனால் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். சுவர் வெடிக்கும், லிப்ட் மாட்டிக்கொள்ளும். அந்த இறக்கத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கத்தான் ராஃப்டுக்கு அடியில் பைல்களை இறக்கியிருந்தார்கள். பாறை வரை போகாத பைல்கள். சுற்றியுள்ள களிமண்ணின் பிடியில்தான் நிற்கின்றன. எடையில் பாதிக்கு மேல் ராஃப்ட் நேராக மண்ணில் இறக்க வேண்டும், மிச்சத்தைப் பைல்கள் ஏற்க வேண்டும். தங்கள் முழு பலத்துக்குச் சற்றுக் குறைவாகவே அவை சுமக்கும். ராஃப்ட் தன் பங்கைச் சுமக்கும் வரை அதில் தவறில்லை.

மேற்குப் பாதி சரியாக இருந்தது. கிழக்குப் பாதியில் ராஃப்டுக்கும் மண்ணுக்கும் இடையே அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். அங்கேயிருந்த பைல்களோ பதினாறு மாடி முடிந்த பிறகு ஏற்க வேண்டிய சுமையை ஏழாவதிலேயே ஏற்றிருந்தன.

ப்ராஜெக்ட் மேனேஜர் சீனுவாசன் எட்டிப் பார்த்தார்.

"மீட்டர் அவுட்டா இருக்கும் மேடம். போன மாசமும் இப்படித்தானே சொன்னீங்க."

"ஒண்ணு ரெண்டு மீட்டர் அவுட்டாகலாம் சார். கிழக்குல இருக்கிற எல்லாமே எப்படி அவுட்டாகும்? லெவலும் பார்த்தேன். கிழக்குத் தூணுங்க மேற்கைவிட ரெண்டு மடங்கு இறங்கியிருக்கு."

"மில்லிமீட்டர் கணக்குதானே?"

"இப்போதைக்கு மில்லிமீட்டர்தான். இன்னும் ரெண்டு மாடி ஏத்தினா அந்தப் பைலுங்க மண்ணுல வழுக்க ஆரம்பிக்கும். அப்ப மொத்த எடையும் ராஃப்ட் மேல சாயும். ராஃப்டுக்குக் கீழ ஒண்ணுமில்லன்னா கட்டடம் கிழக்கால சாய்ஞ்சிக்கினு போவும்."

எட்டாவது மாடி வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, ராஃப்டில் துளை போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். சீனுவாசன் மூன்று நாள் இழுத்தடித்தார். கட்டடத்தை வரைந்த சென்னைப் பொறியாளரே போனில் சத்தம் போட்ட பிறகு ஒத்துக்கொண்டார்.

துளை போடும் இயந்திரம் கான்கிரீட்டைத் தாண்டியதும் கம்பி சட்டென்று இரண்டு விரற்கடை கீழே விழுந்தது. அங்கே வெறும் இடைவெளி. அதற்குக் கீழே தெருவோரக் கட்டுமானப் பொருள் கடைகளில் கொட்டி வைப்பது போன்ற மணல். மணலுக்கும் கீழேயிருந்து குழாயில் ஏறி வந்தது, அவள் மண் பரிசோதனையில் பார்த்த இறுகிய களிமண் அல்ல. கைவிரலை வைத்தால் உள்ளே போகும் சேறு. கான்கிரீட் ஊற்றிய புதிதில் அந்தச் சேறு கொஞ்சம் தாங்கியிருக்கும். பிறகு தண்ணீர் கசிந்து அது சுருங்கி இறங்க, ராஃப்ட் பைல்களின் தலையில் தனியாக நின்றுவிட்டது.

சற்றுத் தள்ளி நின்ற சைட் இன்ஜினியர் கோபி அந்தச் சேற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கலைப்பிரியாவின் அண்ணன்.

அன்று மாலை அவள் காரில் இருவரும் விழுப்புரத்துக்குத் திரும்பினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"அண்ணே, மணலு எப்படி வந்துச்சு?"

அவன் கார்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழையில குழி ரொம்பிப்போச்சு. சேறாயிடுச்சு. மணலைக் கொட்டி மேல மெல்லிசா காங்கிரீட் போட்டோம். பைலு தாங்குதேன்னு நெனைச்சேன். மண்ணு எதுக்குன்னு நெனைச்சேன்."

"மண்ணுதான் பாதிக்கு மேல தாங்கணும். டிராயிங்லயே இருந்துச்சே."

"பைலுன்னா பைலுதான் தாங்கும்னுதான் நான் இத்தினி வருசமா வேலை பண்ணிக்கினு இருந்தேன், பிரியா."

"ஒரு நாள் ரெண்டு நாள் மழைத்தண்ணி நின்னா அந்தக் களி இவ்வளவு ஆழம் ஊறாது. எத்தினி நாள் நின்னுச்சு? பம்பு வெச்சிருந்தீங்களே, ஏன் இறைக்கல?"

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு போயின.

"பம்புலதான் மாரியப்பன் செத்தான்."

மாரியப்பனை அவளுக்குத் தெரியும். கெடார் பக்கத்து ஊர்க்காரன். பைல் போட்ட காலத்தில் சைட்டில் பம்பு பார்த்துக்கொண்டவன். போன வருஷம் மழையில், குடித்துவிட்டுக் குழியில் விழுந்து மூழ்கிச் செத்தான் என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள்.

"குடிக்கல," என்றான் கோபி. "ஒயரு ஜாயிண்டு டேப்பு சுத்தினது. கரண்டைக் கட் பண்ற டிரிப்பர் இல்ல. தண்ணியில எறங்கி பம்பை நகர்த்தினான், கரண்டு அடிச்சு அப்படியே விழுந்துட்டான். சீனுவாசன் சார் ஒயரைச் சுருட்டி எடுக்கச் சொன்னாரு. போலீஸ் வர்றதுக்குள்ள பம்பையும் தூக்கிட்டோம். குடிச்சிருந்தான்னு அவரு சொன்னாரு. நானும் ஆமான்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பம்பை யாரு போடறது? போலீஸ் வந்துபோய்க்கினு இருந்தாங்க. தண்ணி பத்து நாளைக்கு மேல நின்னுச்சு. வத்தினதும் கிழக்கால முழங்காலு சேறு. அதை வழிச்சு எடுக்கணும்னு எனக்கும் தெரியும். ஆளுங்க எறங்க மாட்டேன்னாங்க. அவன் கெடந்த எடம் அது. போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மணலைக் கொட்டிடுன்னு சாரு சொன்னாரு. கொட்டிட்டேன்."

அவன் உள்ளங்கைகளால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"மழைத்தண்ணி நின்னுச்சுன்னு மட்டும் எழுது. அது பொய் இல்லையே."

பொய் இல்லைதான். அதுதான் அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மழை என்று எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் குழி எத்தனை நாள் ஊறியது, ஏன் ஊறியது, எந்த இடம் வரை சேற்றை எடுத்தார்கள் என்று தெரியாமல் எவ்வளவு ஆழத்துக்குச் சரிசெய்ய வேண்டும் என்று அவளால் சொல்ல முடியாது. அதைச் சொல்லப் போனால் பம்பு ஏன் நின்றது என்றும் சொல்ல வேண்டும். மழை என்று மட்டும் ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தாள். படித்துவிட்டு அழித்தாள்.

"நான் முழுசா எழுதப்போறேன்," என்று அண்ணனிடம் சொன்னாள். "அதுக்கு முன்னால மாரியப்பன் சம்சாரத்துக்கு நீ சொல்லிடு. பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சிக்க வேணாம்."

இருவரும் போனபோது மாரியப்பனின் மனைவி சவுரியம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கைகளில் செம்மண் காய்ந்திருந்தது. இருவரையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நின்றாள். கோபி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தான்.

சவுரியம்மாள் அழவில்லை.

"குடிச்சிருந்தாருன்னு நீங்கதானே சார் வந்து சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"சாவறப்ப அவுரு குடியை வுட்டு மூணு வருசம் ஆயிருந்துச்சு. மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. சத்தியத்தை மீறினதால மாதா தண்டிச்சிட்டாங்கன்னு எம்மாமியாரு சொல்லிச்சு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். பொணத்தைப் பார்த்து நான் திட்டினேன் சார். ஊரே பார்த்துச்சு. அடக்கத்துக்கு அப்புறம் ஒரு பூசை வெக்கல அவுருக்கு."

கலைப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சவுரியம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை.

"எங்கிட்ட சொன்னா போதாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் மாதா கோயிலு வாசல்ல வந்து சொல்லுங்க. எம்மாமியாரு இருக்கும். எல்லாரும் இருப்பாங்க."

கோபி போனான். கலைப்பிரியாவும் கூடப் போனாள். பூசை விட்டு வெளியே வந்தவர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள். அவன் பேசி முடிக்கும் முன்பே மாரியப்பனின் தம்பி வந்து கன்னத்தில் அறைந்தான். கோபியின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. கோபி அதை எடுக்கக் குனியவில்லை, மிச்சத்தையும் சொன்னான். மாரியப்பனின் தாய்க் கிழவி மண்ணில் உட்கார்ந்து, மகனே, உன்னைப் போய் என்னென்ன சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சவுரியம்மாள் அவளைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் கலைப்பிரியா அறிக்கையைக் கட்டட உரிமையாளருக்கும் சென்னைப் பொறியாளருக்கும் அனுப்பினாள். கோபி நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தான். அந்த வாரமே அவனையும் சீனுவாசனையும் கைது செய்தார்கள். சீனுவாசன் எல்லாம் சைட் இன்ஜினியரின் வேலை, தனக்கு எதுவும் தெரியாது என்றார். அவருக்கு ஜாமீன் சீக்கிரம் கிடைத்தது. கோபிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

கிழக்குப் பாதியில் ராஃப்ட் முழுவதும் துளை போட்டு, சிமெண்டுக் குழம்பை மெதுவான அழுத்தத்தில் உள்ளே செலுத்தினார்கள். இடைவெளி நிரம்பியது. மணலும் இறுகியது. இறக்கம் நின்றது. ஆனால் மணலுக்குக் கீழே ஊறிய களியை வெளியே எடுக்க இனி வழியில்லை. பைல்கள் ஏற்கெனவே தூக்கியிருந்த சுமையை இறக்கி வைக்கவும் வழியில்லை. பதினாறு மாடிக்குக் கையெழுத்துப் போட கலைப்பிரியாவும் மறுத்தாள், சென்னைப் பொறியாளரும் மறுத்தார். கட்டடம் ஏழோடு நின்றது. எட்டாவது மாடிக்கு விட்டிருந்த கம்பிகளை வெட்டிக் கூரை போட்டார்கள்.

அவளுக்கு அந்த வட்டாரத்தில் புது வேலை வருவது குறைந்தது. சொந்த அண்ணனையே உள்ளே தள்ளியவள் என்று பில்டர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா லட்சுமியம்மாள் அவளுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. ஜாமீனில் வந்த கோபி அனந்தபுரத்தில் மாமா வீட்டோடு தங்கி, அவர்கள் நிலத்தில் வேலை பார்த்தான்.

வழக்கு விழுப்புரம் கோர்ட்டுக்கு முதல் முறை வந்த அன்று கலைப்பிரியா அவனைப் பார்த்தாள். இளைத்திருந்தான். மரத்தடியில் இருவரும் டீ குடித்தார்கள்.

"கோவமாண்ணே?"

"இருக்கு," என்றான் கோபி. "உம்மேலயா எம்மேலயான்னுதான் தெரியல."

சவுரியம்மாள் மாமியாரோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். இவர்களைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள்.

"பூசை வெச்சோம்," என்றாள். கிழவியின் கையைப் பிடித்துப் படியேறினாள்.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். கோபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.