மாநிறத்தையும் தாண்டி

நாத்தனார் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டிக்கொண்டே, "அண்ணன் மாநிறம், நீங்க நல்ல சிவப்பு. இவ மட்டும் எப்படி அண்ணி இவ்வளவு கறுப்பு? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்று சிரித்தாள்.

குழந்தையின் தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்தபோது குழந்தை வெளுப்பாகத்தான் இருந்தாள். வாரம் போகப் போக நிறம் ஏறி, மூன்று மாதத்தில் அப்பாவையும் தாண்டிவிட்டாள். பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கக் கொண்டுபோனபோது, திரும்பி வந்த குழந்தையின் கையில் பெயர்ப்பட்டை கழன்று தொங்கியது. நர்ஸ் அதை மறுபடி கட்டினாள். அதைத் தாய் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார் கேட்ட அன்றிலிருந்து, அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்கு யார் கைக்குழந்தையோடு வந்தாலும் உற்றுப் பார்த்தாள். என் பிள்ளை யார் வீட்டில் வளர்கிறதோ என்று நெஞ்சு பதறும். அடுத்த நொடியே, இவளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அதைவிடப் பதறும். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயந்து தடுப்பூசித் தேதியைத் தவறவிட்டாள். ஏன் என்று கணவன் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மறுநாள் மூவருமாக மரபணு மருத்துவரிடம் போனார்கள்.

மருத்துவர் நிதானமான பெண்மணி. "நிறத்தை ஒரே ஜீன் முடிவு பண்றதில்லம்மா. நிறைய ஜீன் சேர்ந்து, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா செய்யற வேலை அது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் நிறத்தைக் கூட்டறதும் இருக்கு, குறைக்கறதும் இருக்கு. அதுல பாதிதான் பிள்ளைக்குப் போகும். எந்தப் பாதின்னு யாரும் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் கூட்டறதே அதிகமா வந்துட்டா உங்க ரெண்டு பேரையும் மிஞ்சிடுவா. அடுத்தது உங்களைவிட வெளுப்பாக்கூடப் பொறக்கலாம்" என்றார்.

"அப்போ இவ எங்க பிள்ளைதானா?"

"நிறத்தை வெச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் டெஸ்ட்."

மூன்று பேரின் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் வாசலில் மணி அடித்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள்.

முடிவு நாளில் மருத்துவர் உறையைப் பிரித்ததும், குழந்தை சிணுங்குமளவுக்கு அவள் இறுக்கிப் பிடித்தாள்.

"உங்க ரெண்டு பேரோட பிள்ளைதான். சந்தேகமே வேணாம்."

கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. குழந்தையின் மேலிருந்த பிடியை மட்டும் தளர்த்தவே இல்லை.

படியிறங்கும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: இல்லையென்று வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று.

"இவளைத் தூக்கிட்டு எங்கயாவது ஓடிப்போயிருப்பேன். உங்ககிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.