போட்டோவில் பார்த்த வாட்ச்

போனில் வந்த விளம்பரத்தில் தன் பெயரைப் பார்த்தாள் பர்வீன். திண்டிவனத்தில் பழைய வாட்ச் வாங்கி விற்பவள் அவள். கண்டாச்சிபுரம் ரஞ்சித் அனுப்பிய போட்டோவுக்கு, "டயல் ஒரிஜினல் மாதிரி இருக்கு, ஆனா திறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்று எழுதியிருந்தாள். அவன் அதில் பின்பாதியை வெட்டிவிட்டு, 'பர்வீன் கடை சர்டிபிகேட்' என்று விளம்பரம் போட்டு வாட்சை விற்றுவிட்டான்.

"உங்க பேரைப் பாத்துத்தான்கா வாங்கினேன்" என்றாள், அந்த வாட்சை எடுத்துக்கொண்டு வந்த கலைப்பிரியா.

பர்வீன் பின்மூடியைத் திறந்தாள். டயலில் பேட்டரியே தேவைப்படாத 'ஆட்டோமேடிக்' என்றிருந்தது, உள்ளேயோ பேட்டரி.

வாயில் வந்த வசவையெல்லாம் ரஞ்சித்துக்குப் போனில் அடித்தாள். பிறகு அழித்துவிட்டு எழுதினாள்: "தம்பி, போட்டோவில் உள்ளே இருக்கும் மெஷின் தெரியாது. போட்டோவைப் பார்த்துச் சொல்வது என் அபிப்பிராயம்தான், சர்டிபிகேட் ஆகாது. தயவுசெய்து விளம்பரத்தை எடுத்துவிட்டு, வாட்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்."

"இவனுக்குப் போய் இவ்ளோ மரியாதையா?" என்றாள் கலைப்பிரியா.

"நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல காட்டணும்னா இப்படித்தான்மா எழுதணும்."

உடனே பதில் வந்தது. "சரிக்கா, பணத்தைக் குடுத்துடறேன். இந்த ஹேண்ட்பேக் ஒரிஜினலானு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." கூடவே ஒரு போட்டோ.

எச்சிலைத் தொட்டவள்போல போனைத் துப்பட்டாவில் துடைத்தாள் பர்வீன்.